இருபத்து மூன்று டைரி, இருபத்து நான்கு வருஷம்

சேலத்தில் நான் வைத்திருப்பது ஒரு சின்ன டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்டீஸ், கோயில் வரவுசெலவுப் புத்தகம், அவ்வளவுதான். குடும்பப் புத்தகம் என்ற வேலை தற்செயலாகக் கைக்கு வந்தது. இதுவரை ஒன்பது செய்திருக்கிறேன். அதில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது ஏற்காட்டு வேலை. மற்ற எட்டையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

டைரி எழுதியவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். ஆள் வருகை எழுதுவது, சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா, உரக் கணக்கு, மழைக் கணக்கு எல்லாம் அவர் கை. அதோடு வீட்டில் தனக்கென்று ஒரு டைரி. 1955 ஜனவரியில் ஆரம்பித்து 1978 டிசம்பரில் நிறுத்தியிருக்கிறார். அவர் மகள் ஓய்வுபெற்ற ஆசிரியை. டிரங்குப் பெட்டியோடு ஒருநாள் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கிக் கடைக்கு வந்தார். “அப்பா எழுதினது அப்படியே வரணும் தம்பி. தேதி வாரியா. நடுநடுவுல போட்டோ. பேரப் பிள்ளைங்க எடுத்துப் படிக்கிற மாதிரி” என்றார். நான் டைரிகளை எண்ணினேன். இருபத்து மூன்று இருந்தன. 1955 முதல் 1978 வரை என்றால் இருபத்து நான்கு இருக்க வேண்டும். 1962 இல்லை. “அது தொலஞ்சிருக்கும்” என்றார் டீச்சர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

டைப் அடிக்கக் கடையில் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன். வேகமான கை. ஆனால் மூன்றாம் நாளே தடுமாறினாள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகு பிறந்தவள் அவள். துதிக்கை போட்ட ‘லை’யையும் ‘ணை’யையும், சுழித்து எழுதிய ‘றா’வையும் ‘னா’வையும் அவள் பார்த்ததில்லை. இதற்கு மருந்து எளிது. ஒரு தாளில் அந்தப் பழைய வடிவங்களை ரைட்டர் ஐயாவின் டைரியிலிருந்தே வெட்டி ஒட்டி, பக்கத்தில் இன்றைய வடிவத்தை எழுதி, திரைக்குப் பக்கத்தில் மாட்டினேன். பொதுவான பட்டியல் பயன்படாது. ஒவ்வொருவர் கையும் வேறு.

அதைவிடச் சிக்கல் ௸ என்ற குறி. ‘மேற்படி’ என்பதற்குப் பழைய கணக்கர்கள் போடுவது. அவள் அதை ‘ஷ’ என்றே அடித்துக்கொண்டு போனாள். “ஷ வந்தார், ஷ ரூபாய் கொடுத்தேன்” என்று நாற்பது பக்கம் ஆனபிறகுதான் பார்த்தேன். ஷ என்று யாரோ ஒரு மனிதர் தினமும் வந்துபோகிறாரே என்று அவளுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது, கேட்கவில்லை. ௸ யூனிகோடில் இருக்கிறது, அதையே போடலாம். ஆனால் பேரப் பிள்ளைகள் படிக்க வேண்டுமே. ‘மேற்படி’ என்று விரித்து எழுதிவிட்டு, முன்குறிப்பில் ஒரு வரி சேர்த்தோம்.

அடுத்த தவறு என்னுடையது. அடித்து முடித்த கோப்பில் தேதிகளைத் தனியே பிரிக்க வேண்டும். ‘எண், கோடு, எண்’ என்று வரும் இடங்களையெல்லாம் தேடி அங்கே புதுப் பத்தி போடும்படி ஒரு கட்டளை கொடுத்தேன். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். திறந்து பார்த்தால் 1956 ஜூனில் ஆகஸ்ட் 2ஆம் தேதி வருகிறது. அது தேதி இல்லை. ‘2-8-0’ என்பது இரண்டு ரூபாய் எட்டணா. நயாபைசா வந்தது 1957 ஏப்ரல் 1இல்தான். அதுவரைக்கும் ரூபாய்-அணா-பைசாவைக் கோடு போட்டுத்தான் எழுதுவார்கள். சரி, 1957க்குப் பிறகாவது தொல்லை இராது என்றால், மழைக் கணக்கு வந்தது. எஸ்டேட்டில் மழையை அங்குலம், சென்ட் என்று அளப்பார்கள். ஓர் அங்குலம் இருபது சென்ட் மழை ‘1-20’. அதுவும் தேதி போலவே இருக்கும். அதற்கும் மேல் ‘59-60 பூல் 3ஆம் தவணை’. அந்தக் காலத்தில் காப்பியைத் தோட்டக்காரர் நேராக விற்க முடியாது. 1940களிலிருந்து காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும், சில சமயம் வருஷங்கள் கழித்து. 59-60 விளைச்சலுக்கான பணம் பிந்தி வந்ததை அவர் குறித்திருக்கிறார். என் கட்டளை அதை 1959இல் கொண்டுபோய் வைத்தது.

ஆக எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை பத்தியாக அடிக்காமல், எக்செல் அட்டவணையில். ஒரு நாள் குறிப்புக்கு ஒரு வரிசை. முதல் கட்டத்தில் தேதி, `1962-02-04` என்று ஆண்டு முன்னே, நாள் கடைசியில். இப்படி எழுதினால் வரிசைப்படுத்தும்போது தவறே வராது. இரண்டாவது கட்டத்தில் கணினி கணக்கிட்டுச் சொல்லும் கிழமை:

```
=TEXT(A2,"dddd")
```

மூன்றாவதில் ரைட்டர் ஐயா எழுதியிருக்கும் கிழமை, எழுதியிருந்தால். நான்காவதில் அவர் எழுதியது, ஒரு எழுத்து மாற்றாமல். ஐந்தாவதில் எந்த டைரி, எந்தப் பக்கம் என்பது. இந்த ஐந்தாவது கட்டத்தை வீண்வேலை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சொல் புரியாமல் மூலத்தைத் தேடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கிழமையை எதற்கு இவ்வளவு கவனிக்க வேண்டும்? நாட்குறிப்பு எழுதியவர்கள் தேதியில் தவறுவார்கள், கிழமையில் தவறுவது குறைவு. சம்பளம், விரதம், எண்ணெய்க் குளியல் எல்லாம் கிழமையை ஒட்டித்தானே நடக்கின்றன. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி எழுதிய நாட்குறிப்பிலும் தமிழ் வருஷம், மாதம், தேதியோடு கிழமையும் வருகிறது. அது 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தபோது, அந்தத் தேதிகளையெல்லாம் ஆங்கிலத் தேதிக்கு மாற்றித்தான் போட்டார்கள். அப்படி மாற்றும்போது சரிபார்க்கக் கையில் இருப்பது கிழமை ஒன்றுதான். நமக்கும் அதே சாவிதான்.

அந்தச் சாவி 1961 டைரியில் திறந்தது. இரண்டாவது கட்டமும் மூன்றாவது கட்டமும் பொருந்தாத வரிசைகள் மற்ற டைரிகளில் வருஷத்துக்கு மூன்று நான்குதான். 1961இல் நூற்றுக்கும் மேல். அடித்த பெண்தான் தப்பாக அடித்துவிட்டாள் என்று திட்டக்கூடப் போனேன். பிறகு பிப்ரவரி 4ஆம் பக்கத்தைப் பார்த்தேன். மேலே அச்சில் சனிக்கிழமை என்று இருக்கிறது. கீழே அவர் கையில்: “ஞாயிறு. அஷ்டக்கிரகம். ஆள் யாரும் வெளியே வரவில்லை. கோயிலில் பூஜை.” எட்டுக் கிரகம் ஒரே ராசியில் சேர்கிறது, உலகம் அழியப் போகிறது என்று நாடே நடுங்கிய நாள் அது. அது 1962 பிப்ரவரி. 1961 இல்லை.

புரிந்துவிட்டது. 1962க்கு டைரி தொலையவில்லை, அவர் வாங்கவே இல்லை, அல்லது அந்த வருஷம் யாரும் இனாமாகக் கொடுக்கவில்லை. முந்தின வருஷத்து டைரியில் காலியாக இருந்த பக்கங்களில், அதே தேதிக்கு நேராக எழுதிவிட்டார். பக்கம் நிரம்பியிருந்தால் அடியில் இருக்கும் இடத்தில். கிழமை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறது.

இரண்டு வருஷத்தையும் எப்படிப் பிரிப்பது? அவர் சனிக்கிழமை தவறாமல் ‘பட்டுவாடா’ என்று எழுதுவார். சனி என்று அச்சடித்த பக்கத்தில் பட்டுவாடா இருந்தால் 1961. வெள்ளி என்று அச்சடித்த பக்கத்தில் இருந்தால், மறுவருஷம் அந்தத் தேதி சனி, ஆகவே 1962. இதிலேயே பெரும்பகுதி பிரிந்துவிட்டது. மீதிக்கு மையைப் பார்த்தோம். 1961இல் நீலம், 1962 மே வரை கறுப்பு, பிறகு மறுபடி நீலம். அதனால் மையை மட்டும் நம்ப முடியாது, கிழமை சொன்னதை உறுதிப்படுத்த மட்டும். அக்டோபர் கடைசியில் வந்த சீனப் போர்ச் செய்திகள் சிலவற்றைத் தீர்த்தன. எல்லாம் முடிந்து பதினொரு குறிப்புகள் மிஞ்சின. “மழை 0-35. கவாத்து 14 ஆள்.” இதில் எந்த வருஷம் என்று எப்படிச் சொல்வது? டீச்சர் ஏதாவது ஒன்றில் போடச் சொன்னார். நான் மறுத்தேன். அந்தப் பதினொன்றையும் 1961 முடிகிற இடத்தில், ‘1961 அல்லது 1962’ என்ற தலைப்பில் தனியே வைத்தோம். குடும்பப் புத்தகம்தானே, யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடும்பப் புத்தகத்தைத்தான் சரிபார்க்க வேறு ஆளில்லை.

இன்னொரு இடத்தில் ஆறு பக்கம் கிழிந்திருந்தது. 1966 ஆகஸ்ட். தையலை ஒட்டிக் கால் அங்குலக் காகிதம் மட்டும் நிற்கிறது. கேட்டதும் டீச்சர் சிரித்துவிட்டார். “நான்தான் தம்பி கிழிச்சேன். ராக்கெட் விட. அப்பா அடிச்ச அடி இன்னும் ஞாபகம் இருக்கு.” அந்த ஆறு நாளில் என்ன நடந்தது என்று தனக்குத் தெரியும், எழுதித் தருகிறேன், அந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார். இரண்டு பக்கம் எழுதியும் கொடுத்தார், நன்றாகவே இருந்தது. ஆனால் 1966 ஆகஸ்ட் 9 என்று தலைப்பிட்டு அதைப் போட முடியாது. அதை அவர் எழுதியது 2019 ஜூலையில். நினைவுக்கு எழுதிய தேதியைத்தான் போட வேண்டும், நடந்த தேதியை அல்ல. கிழிந்த இடத்தில் ‘ஆகஸ்ட் 9 முதல் 14 வரை பக்கங்கள் இல்லை’ என்று ஒரு வரி. அதன் கீழே சாய்வெழுத்தில், இருபுறமும் ஓரம் கூட்டி, ‘மகளின் குறிப்பு, ஜூலை 2019’ என்ற தலைப்போடு அவர் எழுதியது. அப்பாவின் எழுத்து எது, மகளின் எழுத்து எது என்று புத்தகத்தை எங்கே திறந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இனி அத்தியாயம். இதில்தான் நான் அதிகம் தப்பு செய்தேன்.

தேதி வரிசை கணினி பார்த்துக்கொள்ளும். ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் குறிப்புகளை ஒரே நீளமாக யாரும் படிக்க மாட்டார்கள், எங்கேயாவது நிறுத்தி மூச்சுவிட இடம் வேண்டும். வருஷத்துக்கு ஒரு அத்தியாயம் என்று இருபத்து நான்கு போட்டு, ஒரு மாதிரிப் படி எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வயிறு கலங்கி, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். டீச்சர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார். பிறகு சொன்னார்: “ஜனவரியில எஸ்டேட்டுல எதுவும் முடியாது தம்பி.”

அவர் சொன்னது இது. சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820இல், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அங்கே வருஷம் என்பது பூ மழையில் ஆரம்பிக்கிறது. மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு நல்ல மழை விழும். எட்டுப் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து, மூன்று நாளில் வாடிவிடும். காய் பிடித்து, பழுத்து, நவம்பரில் பறிப்பு தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். டிசம்பர் 31 அன்று பாதிப் பழம் செடியில் இருக்கும், பாதி களத்தில் காயும். நான் அந்த நாளில் அத்தியாயத்தை வெட்டியதால், ஒவ்வொரு பறிப்பும் இரண்டு துண்டாகிவிட்டது. ஒரு அத்தியாயம் கவலையில் முடிகிறது, அந்தக் கவலை தீர்ந்ததா என்பது அடுத்த அத்தியாயத்தின் நடுவில் எங்கோ கிடக்கிறது. பறித்து, காயவைத்து, மூட்டை ஏற்றி அனுப்பி, செடியைப் பார்த்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று வாரம்தான் இயற்கையான இடைவெளி. டைரியிலும் அந்த நாட்களில் குறிப்புகள் குட்டையாக இருந்தன.

திரும்பி வந்து அட்டவணையில் ஆறாவது கட்டம் சேர்த்தேன். ஒவ்வொரு வருஷமும் பூ மழை பெய்த நாள். அவர் மழைக் கணக்கை ஒழுங்காக எழுதியிருந்ததால் இருபத்து நான்கில் இருபத்திரண்டு கிடைத்தன. இந்த நாட்களில்தான் அத்தியாயம் தொடங்கலாம் என்று விதி வைத்துக்கொண்டோம். இருபத்திரண்டும் வேண்டாம். குடும்பத்தில் ஏதாவது மாறிய வருஷங்களின் பூ மழை மட்டும். அவர் கல்யாணம், வேறு எஸ்டேட்டுக்கு மாறியது, மகள் சேலத்தில் விடுதிக்குப் போனது, இப்படி. மொத்தம் ஏழு அத்தியாயம். கல்யாணத் தேதியிலேயே வெட்டலாமே என்று அவர் மருமகன் கேட்டார். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் “உரம் 9 மூட்டை வந்தது” என்று எழுதியிருக்கிறார். அந்த மனிதருடைய கணக்கில் அங்கே எதுவும் வெட்டுப்படவில்லை. நாமாக வெட்டினால் அது நம் புத்தகம், அவர் புத்தகம் அல்ல.

அத்தியாயம் மாறினால் வாசகனுக்கு வருஷம் குழம்பும். மூன்றாம் அத்தியாயம் 1962 மார்ச்சில் ஆரம்பிக்கிறது என்றால், நடுவில் திறப்பவனுக்கு இது எந்த வருஷம் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு குறிப்புக்கு முன்னும் முழுத் தேதியைப் போட்டால் பக்கமெல்லாம் எண்ணாக இருக்கும். குறிப்பின் தலையில் ‘14, சனி’ மட்டும் போட்டோம். வருஷம் இடப்பக்கத்து உச்சியில், மாதம் வலப்பக்கத்து உச்சியில். InDesign மென்பொருளில் Running Header என்ற வசதி இதைத் தானே எடுத்துப் போடும். கையால் அடிக்காதீர்கள். ஒரு பத்தி கூடினால் முந்நூறு பக்கமும் தப்பாகிவிடும்.

அத்தியாயமும் படப் பக்கமும் மோதிக்கொண்டது அச்சுக்குப் போகும்போது. அறுபது படிகள்தான் வேண்டும், ஆகவே டிஜிட்டல் அச்சு. வழக்கமாக அதில் தனித்தனித் தாளை அடுக்கி முதுகில் சூடான பசை போட்டுவிடுவார்கள். ஏற்காட்டு ஈரத்தில் பசை முதுகுப் புத்தகம் தாள் தாளாகக் கழன்று வருவதைப் பார்த்திருக்கிறேன். எனவே தையல் பைண்டிங் என்று முடிவு. தையல் என்றால் பாரம் வேண்டும். டெம்மி அளவில் 12க்கு 18 அங்குலத் தாளில் ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் நான்கு, ஆக எட்டுப் பக்கம் அச்சாகும். இரண்டு தாளை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பதினாறு பக்க பாரம். மொத்தம் 272 பக்கம், பதினேழு பாரம்.

படங்கள் வழவழப்பான ஆர்ட் தாளில், எட்டு எட்டுப் பக்கமாக மூன்று தொகுப்பு. ஆர்ட் தாளை நினைத்த இடத்தில் நுழைக்க முடியாது. இரண்டு பாரத்துக்கு இடையில் வைக்கலாம், அல்லது ஒரு பாரத்தின் நடு மடிப்பில் வைத்துத் தைக்கலாம். அதாவது 8, 16, 24 என்று எட்டின் மடங்கில் முடியும் பக்கத்துக்குப் பிறகு மட்டும். எங்கள் இரண்டாம் அத்தியாயம் 71ஆம் பக்கத்தில் முடிந்தது. அஷ்டக்கிரகம், அதன்பின் கடைசிப் பறிப்பு, மூட்டை ஏற்றியது, அவ்வளவு. 72 எட்டின் மடங்கு. ஒரு பக்கம் இடைவெளி விட்டால் போதும். 72இல் டீச்சர் கையால் வரைந்த எஸ்டேட் படத்தைப் போட்டோம். அதன்பின் எட்டுப் படப் பக்கம், பிறகு 73இல் மூன்றாம் அத்தியாயம், வலப்பக்கத்தில். இது அதிர்ஷ்டம். அடுத்த தொகுப்புக்கு ஐந்து பக்கம் இடித்தது. எழுத்தைச் சிறிதாக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஒரு அத்தியாயம் மட்டும் நெருக்கமாகத் தெரியும். நாங்கள் படத் தொகுப்பை அத்தியாயத்தின் முடிவிலிருந்து நகர்த்தி, ஒரு மாதம் முடிகிற இடத்துக்குக் கொண்டுபோனோம். படப் பக்கங்களுக்கு எண் கொடுக்கவில்லை. ‘72ஆம் பக்கத்தை அடுத்து’ என்று பொருளடக்கத்தில் போட்டால் போதும், கடைசி நேரத்தில் தொகுப்பை நகர்த்தினாலும் பக்க எண் எதுவும் மாறாது.

படங்களைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அவர் வீட்டு ஆல்பம் கறுப்பு அட்டை. படங்கள் இரண்டேகால் அங்குலச் சதுரம். சில பசையில் ஒட்டியிருந்தன. ஓரத்தில் பூஞ்சை. உரிக்காமல் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்தோம். புத்தகத்தில் நாலரை அங்குலம் வர வேண்டும், அதாவது இரு மடங்கு, அச்சுக்கு 300 டி.பி.ஐ. வேண்டும் என்றால் ஸ்கேன் 600இல். இதைத் தெரியாமல் 300இல் எடுத்து, பிறகு கணினியில் பெரிதாக்கி, முகமெல்லாம் மாவாகிப் போன புத்தகங்கள் நிறைய.

மற்றது, படத்தின் அடியில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. ஒரு படம்: குடும்பம் முழுக்க வீட்டு வாசலில், பின்னால் காப்பிச் செடிகள். ஆல்பத்தில் ‘தீபாவளி 1963’ என்று யாரோ பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் செடியெல்லாம் வெள்ளைப் பூ. தீபாவளிக்குக் காப்பி பூக்காது, பழம்தான் இருக்கும். டைரியைப் புரட்டினேன். 1964 மார்ச் 14, சனி: “பூ மழை 1-05.” பத்து நாள் கழித்து, 24, செவ்வாய்: “சேலத்திலிருந்து போட்டோக்காரர் வந்தார். 6 ரூபாய்.” படம் அந்த நாளுடையது. டீச்சரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப தீபாவளின்னு எழுதுனது நான்தான் போல” என்றார். புது உடை போட்டிருந்ததால் தீபாவளி என்று பின்னாளில் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு சரிபார்த்தும் ஒன்று தப்பியது. புத்தகம் வந்து, பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். மூன்றாவது தொகுப்பில் ஆறாம் படப் பக்கம். “எங்கம்மா முந்தானையை வலத் தோள்ல போட மாட்டாங்க தம்பி.” அந்த ஒரு படத்துக்கு மட்டும் பிரதி இல்லை, நெகடிவ் இருந்தது. அதைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறேன். படம் இடவலம் மாறிவிட்டது. முந்தானையோ, சட்டைப் பொத்தானோ, பின்னால் ஒரு கடைப் பலகையின் எழுத்தோ, ஏதாவது ஒன்றைப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

வீடு வீடாகப் போய்விட்ட முப்பத்தெட்டுப் படிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. கடையில் மீதி இருந்த இருபத்திரண்டு படிகளில், சரியான படத்தை அச்சிட்டு, ஓரத்தில் மட்டும் பசை தடவி, அந்தப் பக்கத்தின் மேல் ஒட்டிக் கொடுத்தேன். அதன் அடியில் திருத்திய தேதியும் போட்டிருக்கிறது.